ஆயர் இல்லத்துக் கடிதம் விவாகரத்து ஆகுமா?

குடும்ப நீதிமன்ற வழக்கறிஞர்களின் அலுவலகங்களில் அடிக்கடி நடக்கும் காட்சி இது. ஒரு பெண் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த கடிதத்தை எடுத்து மேசைமேல் வைக்கிறார். மறைமாவட்டத் திருமண நீதிமன்றம் கொடுத்தது. ஆயர் இல்லத்து முத்திரை இருக்கிறது. "இந்தத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது" என்று அதில் அறிவிக்கப்பட்டிருக்கிறது. "சார், எனக்குத்தான் விவாகரத்து ஆயிடுச்சே, அடுத்த மாசம் தம்பி வீட்டுல ஒரு வரன் பேசியிருக்காங்க. இதை வச்சு ரெஜிஸ்டர் பண்ணிக்கலாமா?" என்று கேட்கிறார். முடியாது என்பதுதான் பதில். அந்தக் கடிதம் கையில் இருந்தாலும், நாட்டின் சட்டத்தின் முன் அவர் இன்னும் முதல் கணவரின் மனைவிதான்.

கத்தோலிக்கக் குடும்பங்களில் இந்தக் குழப்பம் ஏற்படுவதில் வியப்பில்லை. திருமணத்தை நடத்தி வைத்தது ஆலயம். ஓலை வாசித்தது ஆலயம். பதிவேட்டில் கையெழுத்து வாங்கியதும் ஆலயம். அரசு அலுவலகத்துக்கு அவர்கள் போனதே இல்லை. கட்டி வைத்தவர்களே அவிழ்த்தும் விடலாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் பங்குத்தந்தையோ போதகரோ திருமணத்தைப் பதிவு செய்யும் அதிகாரம் 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்திலிருந்து வருகிறது. அவிழ்க்கும் அதிகாரத்தை எந்தச் சட்டமும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. அது 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்தின்படி நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. 1996இல் மோலி ஜோசப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொன்னது: திருச்சபை நீதிமன்றம் கொடுத்த செல்லாமைத் தீர்ப்பை மட்டும் நம்பி மறுமணம் செய்தால், அந்த மறுமணம் சட்டப்படி செல்லாது. திருச்சபைத் தீர்ப்புகளை அரசு ஏற்க வேண்டும் என்று கேட்டு வந்த பொதுநல வழக்கையும் 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. முதல் துணை உயிரோடிருக்கும்போது மறுமணம் செய்தால் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கக்கூடிய குற்றமாகவும் அது மாறலாம்.

ஆயர் இல்லத்துக் கடிதத்துக்கு மதிப்பே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. கத்தோலிக்க ஆலயத்தில் மீண்டும் திருமணம் செய்ய விரும்பினால் அது தேவை. அரசுச் சட்டப்படி விவாகரத்துப் பெற்றவராக இருந்தாலும், திருச்சபையின் செல்லாமைத் தீர்ப்பு இல்லாமல் பங்குத்தந்தை அவருக்கு ஓலை வாசிக்க மாட்டார். ஆகவே சிலருக்கு இரண்டு இடத்திலும் இரண்டு தீர்ப்பு வேண்டியிருக்கிறது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

இந்தச் சட்டம் 2001 வரை எப்படி இருந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தெரிந்தால்தான் இப்போதுள்ள காரணங்களின் அருமை புரியும். 1857இல் இங்கிலாந்தில் வந்த சட்டத்தைப் பின்பற்றி ஆங்கிலேயர் எழுதியது இது. கணவர் விவாகரத்துக் கேட்டால், மனைவி தகாத உறவு கொண்டார் என்று நிரூபித்தால் போதும். மனைவி கேட்டால் அது போதாது. கணவர் தகாத உறவு கொண்டதோடு கொடுமையும் செய்தார், அல்லது தகாத உறவு கொண்டதோடு இரண்டு ஆண்டுகள் கைவிட்டும் போனார் என்று இரட்டையாக நிரூபிக்க வேண்டும். தினமும் அடி வாங்கிய பெண்ணுக்கு, கணவருக்கு வேறு பெண்ணுடன் தொடர்பு இல்லையென்றால், விவாகரத்தே கிடையாது. இன்னொரு தடையும் இருந்தது. மாவட்ட நீதிபதி விவாகரத்துக் கொடுத்தாலும் உயர் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் அதை உறுதி செய்யும் வரை செல்லாது. 1995இல் கேரள உயர் நீதிமன்றம் கொடுமை, கைவிடல் ஆகியவற்றைத் தனித்தனிக் காரணங்களாகப் பெண்களுக்குத் திறந்துவிட்டது. பிறகு 2001 திருத்தம் எல்லாவற்றையும் மாற்றியது. இருவருக்கும் ஒரே காரணங்கள் வந்தன, உறுதி செய்யும் நடைமுறை ஒழிந்தது. கத்தோலிக்கத் திருச்சபையும் இதே போன்ற ஒரு படியை வைத்திருந்தது. முதல் திருமண நீதிமன்றம் செல்லாமைத் தீர்ப்புக் கொடுத்தால், இரண்டாவது நீதிமன்றமும் அதை உறுதி செய்ய வேண்டும். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் அதை நீக்கினார். அரசுச் சட்டம் அவரைவிடப் பதினான்கு ஆண்டுகள் முந்திக்கொண்டது.

இன்று சட்டத்தின் 10ஆம் பிரிவில் உள்ள காரணங்களில் பெரும்பாலான வழக்குகள் மூன்றின்மேல்தான் நிற்கின்றன: தகாத உறவு, கைவிட்டுப் போதல், கொடுமை. மற்றவை எப்போதாவது வருபவை. வேறு மதத்துக்கு மாறிக் கிறிஸ்தவராக இல்லாமல் போவது, குணமாகாத மனநோய் தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாக இருப்பது, தொற்றக்கூடிய பால்வினை நோய், ஏழு ஆண்டுகளாக உயிரோடிருக்கும் செய்தியே இல்லாமல் போவது, வேண்டுமென்றே உடலுறவுக்கு மறுத்ததால் திருமணம் நிறைவேறாமலே இருப்பது, சேர்ந்து வாழும்படி நீதிமன்றம் ஆணையிட்ட பிறகும் இரண்டு ஆண்டுகள் அதன்படி நடக்காதது ஆகியவை அவை. கணவர் வன்புணர்வு போன்ற குற்றம் செய்திருந்தால் அது மனைவிக்கு மட்டும் உரிய கூடுதல் காரணம். தொழுநோய் என்ற காரணத்தை 2019இல் நீக்கிவிட்டார்கள். அது நல்ல காரியம். மருந்தால் குணமாகும் நோய்க்காக ஒருவரைத் தள்ளிவிட வழி செய்த சட்டம் அது.

இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 'இனி எங்களுக்குள் ஒட்டாது, பல ஆண்டுகளாகப் பிரிந்திருக்கிறோம்' என்பது இந்தச் சட்டத்தில் தனிக் காரணம் அல்ல. அரசியலமைப்பின் 142ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றம் மட்டும் அப்படி முடித்து வைக்கலாம். குடும்ப நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. குடும்ப நீதிமன்றத்துக்கு வேண்டியது பட்டியலில் உள்ள ஒரு காரணமும் அதற்கான சாட்சியமும்தான்.

இனி ஒரு வழக்கைப் பின்தொடர்வோம். இது யாருடைய கதையும் அல்ல. பல வழக்குகளில் திரும்பத் திரும்பக் காணும் செய்திகளைச் சேர்த்துப் பெயர் இல்லாமல் சொல்லும் எடுத்துக்காட்டு. அவர் ஓர் ஆசிரியை. 2016 மே மாதம் மதுரையில், மாப்பிள்ளையின் பங்கு ஆலயத்தில் திருமணம். பிறகு சென்னை குரோம்பேட்டையில் வாடகை வீடு. 2018இல் ஒரு மகள். கணவருக்குக் குடி இருந்தது. 2020இல் ஒரு நாள் இரவு தள்ளிவிட்டதில் மனைவிக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. 2021 ஜூன் 10ஆம் தேதி கணவர் துணிமணிகளை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார், பணம் அனுப்புவதையும் நிறுத்திவிட்டார். ஆசிரியை மகளுடன் பாளையங்கோட்டையில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். 2022 கிறிஸ்துமஸுக்கு கணவர் நான்கு நாள் வந்து தங்கினார், பிறகு வரவில்லை. 2023 ஆகஸ்டில் அவர் வழக்கறிஞரைப் பார்க்க வருகிறார்.

"எல்லாத்தையும் சொல்லுங்கம்மா, ஆனா தேதியோட சொல்லுங்க" என்பதுதான் நல்ல வழக்கறிஞரின் முதல் பேச்சாக இருக்கும். அழுது முடித்து, தண்ணீர் குடித்து, ஒரு நோட்டில் தேதி தேதியாக எழுதி வரச் சொல்வார். மனுவின் உயிர் அந்த நோட்டில்தான் இருக்கிறது.

முதல் கேள்வி எந்த ஊரில் போடுவது என்பது. இங்கே கிறிஸ்தவப் பெண்களுக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது, பலரும் கவனிக்காதது. இந்து திருமணச் சட்டத்தில் 2003 முதல் மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே விவாகரத்து மனு போடலாம். கிறிஸ்தவர்களுக்கான சட்டத்தில் அந்த வசதி சேர்க்கப்படவில்லை. திருமணம் நடந்த இடம், இருவரும் வசிக்கும் இடம், அல்லது கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், இவற்றில் ஒன்றில்தான் போட முடியும். நம் ஆசிரியை பாளையங்கோட்டையில் இருந்தாலும் திருநெல்வேலியில் போட முடியாது. மதுரை அல்லது சென்னை. அவர் மதுரையைத் தேர்ந்தெடுக்கிறார். திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம்தான் என்பது காரணம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் பள்ளியில் விடுப்பு எடுத்து, சிறுமியை அம்மாவிடம் விட்டுவிட்டு அந்தப் பயணம் போக வேண்டும். இந்த விதியைத் திருத்த வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கைவிடப்பட்ட பெண் தன் ஊருக்குத் திரும்பிப் போவதுதான் நடக்கிற காரியம், சட்டம் அதை அறியாததுபோல் இருக்கக் கூடாது. தவறான ஊரில் மனு போட்டால் ஆட்சேபம் வரும், பிறகு மனுவைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், போன மாதங்கள் போனதுதான்.

அடுத்த கேள்வி எந்தக் காரணத்தை எழுதுவது. கைவிடல் என்று எழுதலாமா? மனு போடுவதற்கு உடனே முந்திய இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கைவிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். 2021 ஜூன் 10இலிருந்து எண்ணினால் 2023 ஜூனில் இரண்டு ஆண்டு நிறைகிறது. ஆனால் அந்தக் கிறிஸ்துமஸ் நான்கு நாட்கள்? எதிர்த்தரப்பு அதைத்தான் பிடிக்கும். சேர்ந்து வாழத் தொடங்கியதாக அதை நீதிமன்றம் கருதினால் கணக்கு அங்கே அறுந்துவிடும், 2022 டிசம்பர் இறுதியிலிருந்து மறுபடியும் எண்ண வேண்டும், 2024 இறுதி வரை காத்திருக்க வேண்டும். பெற்ற மகளைப் பார்க்க வந்துவிட்டுப் போனவர் மட்டும்தான், கணவன் மனைவியாக வாழவில்லை என்று காட்ட முடிந்தால் கணக்கு அறாது. கைவிடுவதென்றால் வீட்டைவிட்டுப் போவது மட்டுமல்ல, மணவாழ்வையே முடித்துக்கொள்ளும் எண்ணத்தோடு, மற்றவரின் விருப்பத்துக்கு எதிராகப் போவது. ஆகவே அந்த நான்கு நாட்களில் யார் எங்கே தூங்கினார் என்பதுகூட வழக்கில் கேள்வியாகும். கேட்கக் கூச்சமாக இருக்கும், வழக்கறிஞர் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் இரண்டு காரணங்களையும் எழுதுகிறார்கள். கொடுமைக்குக் கால வரையறை கிடையாது. எதிர்மனுதாரருடன் சேர்ந்து வாழ்வது தனக்குத் தீங்காகும் என்று மனுதாரர் நியாயமாக அஞ்சும் அளவுக்குக் கொடுமை இருந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். அது அடி மட்டுமாக இருக்க வேண்டியதில்லை, தொடர்ந்த மன வேதனையும் அதில் அடங்கும். எல்லா வீட்டிலும் நடக்கும் வாய்ச்சண்டை அதில் அடங்காது. ஆசிரியையின் மனுவில் 2020இன் எலும்பு முறிவு முதல் இடத்தில் வருகிறது.

அங்கே ஒரு பள்ளம் காத்திருக்கிறது. மருத்துவமனைச் சீட்டை வாங்கிப் பார்த்தால் "குளியலறையில் வழுக்கி விழுந்தார்" என்று எழுதியிருக்கிறது. கணவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், அதனால் மருத்துவரிடம் அப்படித்தான் சொன்னார். எத்தனையோ பெண்கள் செய்வதுதான். இதை மறைத்து மனு எழுதினால் குறுக்கு விசாரணையில் அந்தச் சீட்டை எடுத்து நீட்டி, இவர் பொய் சொல்கிறார் என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஆகவே மனுவிலேயே எழுதிவிட வேண்டும்: மருத்துவரிடம் இன்னபடி சொன்னேன், சொன்னதற்குக் காரணம் இது, அன்று இரவு அக்காவிடம் போனில் உண்மையைச் சொன்னேன். அந்த அக்கா பிறகு சாட்சியாக வருவார். தனக்குப் பாதகமானதை முதலில் தானே சொல்பவரின் பேச்சுக்கு நீதிபதி காது கொடுப்பார். மறைத்தது வெளிப்பட்டால் மனுவில் உள்ள உண்மைகளும் நம்பிக்கை இழக்கும்.

தகாத உறவு என்று எழுதலாம் என்று சொந்தக்காரர்கள் யோசனை சொல்வார்கள். 2018இல் அது குற்றம் என்ற நிலை போய்விட்டது, ஆனால் விவாகரத்துக்குக் காரணமாக இன்றும் இருக்கிறது. ஆனால் இந்தக் காரணத்தை எடுத்தால், கணவருடன் உறவு வைத்ததாகச் சொல்லப்படும் பெண்ணையும் வழக்கில் சேர்க்க வேண்டும் என்கிறது 11ஆம் பிரிவு. பெயர் தெரியவில்லை, எவ்வளவு தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது போன்ற சில காரணங்களுக்காக மட்டும் நீதிமன்றம் விலக்குக் கொடுக்கலாம். வெறும் சந்தேகத்தை வைத்து ஒரு மூன்றாவது மனிதரின் பெயரை நீதிமன்றத்துக்கு இழுத்துவிட்டு நிரூபிக்க முடியாமல் போனால், அந்தப் பொய்க் குற்றச்சாட்டே எதிர்த்தரப்புக்குக் கொடுமை என்ற காரணத்தைக் கொடுத்துவிடும். நம் ஆசிரியை இதைத் தொடாமல் விட்டது சரி.

மனு எழுதப்படுகிறது. திருமணத் தேதி, ஆலயம், கடைசியாக வாழ்ந்த முகவரி, மகளின் பிறந்த நாள், நடந்தவை எல்லாம் பத்தி பத்தியாக வருகின்றன. கடைசியில் மனுதாரர் சத்தியம் செய்து கையெழுத்திடும் உறுதிமொழி. அதில் இந்தச் சட்டத்துக்கே உரிய ஒரு வாசகம் கட்டாயம் இருக்க வேண்டும்: எதிர்மனுதாரருடன் கூடிப் பேசியோ அவர் செயலுக்கு உடந்தையாக இருந்தோ இந்த மனுவைப் போடவில்லை என்பது. சிலர் அதை மறந்துவிட்டு மனு திரும்பி வரும்போது விழிப்பார்கள். இணைக்கும் ஆவணங்களில் முதலாவது, ஆலயப் பதிவேட்டிலிருந்து எடுத்த திருமணச் சான்றிதழ். திருமண அழைப்பிதழ், புகைப்படம், மகளின் பிறப்புச் சான்று, மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருந்தால் அங்கே தந்த சி.எஸ்.ஆர். ரசீது, வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பியிருந்தால் அதன் நகலும் தபால் ரசீதும். வாட்ஸ்அப் செய்திகளைக் கொடுப்பதாக இருந்தால் அவற்றை எடுத்த விதம் பற்றிய மின்னணுச் சான்றையும் சேர்க்க வேண்டும்.

திருச்சபை நீதிமன்றத்தில் ஏற்கெனவே மனு போட்டிருந்தால் ஒரு எச்சரிக்கை. அங்கே ஆசிரியை எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தின் நகலை வழக்கறிஞரிடம் காட்ட வேண்டும். அங்கே தேடுவது திருமணத்தின்போதே குறை இருந்ததா என்பதை, இங்கே தேடுவது திருமணத்துக்குப் பின் என்ன நடந்தது என்பதை. இரண்டு இடத்திலும் ஒரே சம்பவத்துக்கு இரண்டு தேதி, இரண்டு காரணம் என்று எழுதப்பட்டிருந்தால் குறுக்கு விசாரணையில் அவஸ்தைப்பட வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டில் இந்த மனுக்கள் பெரும்பாலும் ஐ.டி.ஓ.பி. என்ற வகையில் எண் பெறுகின்றன. எண் வந்த பிறகு கணவருக்கு நோட்டீஸ் போகும். இங்கேதான் பல மாதங்கள் வீணாகின்றன. அவர் வீடு மாற்றியிருப்பார், தபால்காரர் "ஆள் இல்லை" என்று எழுதித் திருப்பிவிடுவார். சரியான முகவரியும், அலுவலக முகவரியும் கொடுத்திருந்தால் இந்த இழுபறி குறையும். எவ்வளவு முயன்றும் கிடைக்கவில்லையென்றால் கதவில் ஒட்டியும் நாளிதழில் விளம்பரம் கொடுத்தும் நோட்டீஸ் சார்பு செய்ய நீதிமன்றம் அனுமதிக்கும். அதற்கும் வராவிட்டால் ஒருதலையாக விசாரிக்கலாம். அப்போதும் ஆசிரியை சாட்சிக் கூண்டில் ஏறி நிரூபித்தே ஆக வேண்டும், எதிரே யாரும் இல்லை என்பதால் தீர்ப்பு தானாக வராது. பிறகு கணவர் வந்து, தனக்குத் தெரியாமலே தீர்ப்பாகிவிட்டது என்று ரத்து செய்யக் கேட்கவும் முடியும். ஆகவே நோட்டீஸ் சேர்ந்ததற்கான ஆவணங்களைப் பொக்கிஷம்போல் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் கணவர் மூன்றாவது வாய்தாவில் வந்துவிட்டார். நீதிபதி இருவரையும் ஆலோசகரிடம் அனுப்புகிறார். 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டப்படி, சேர்த்து வைக்க முடியுமா என்று பார்ப்பது நீதிமன்றத்தின் கடமை. ஆலோசகர் அறை நீதிமன்றக் கூடம்போல் இராது, ஒரு மேசை, நான்கு நாற்காலி. இங்கே பேசுவதைக் குற்றம் சுமத்தும் இடமாக்கக் கூடாது. சேர முடியாது என்றால், எப்படிப் பிரிவது, மகளை யார் பார்த்துக்கொள்வது, செலவுக்கு எவ்வளவு என்பவற்றைப் பேசவாவது இந்த அறையைப் பயன்படுத்தலாம். அந்தப் பேச்சில்தான் பல வழக்குகள் சம்மதப் பிரிவாக மாறிவிடுகின்றன.

அந்தச் சம்மத வழியைப் பற்றிச் சொல்கிறேன். 10-ஏ பிரிவு 2001இல் சேர்க்கப்பட்டது. இருவரும் சேர்ந்து ஒரே மனு போட வேண்டும், பிரிந்து வாழ்ந்து வருகிறோம், சேர்ந்து வாழ முடியவில்லை, பிரிய ஒப்புக்கொண்டோம் என்று. பிறகு ஆறு மாதத்துக்கு மேல், பதினெட்டு மாதத்துக்குள், இருவரும் மறுபடியும் வந்து அதே முடிவில்தான் இருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். நீதிபதி விசாரித்துத் தீர்ப்புக் கொடுப்பார். சட்டத்தின் எழுத்துப்படி இரண்டு ஆண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மற்ற மதத்தவருக்கு ஓராண்டுதான். இந்தப் பாகுபாடு நியாயமில்லை என்று கேரள உயர் நீதிமன்றம் 2010இல் அதை ஓராண்டாகப் படிக்க வேண்டும் என்றது, கர்நாடக உயர் நீதிமன்றமும் அதே முடிவுக்கு வந்தது. 2022 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றம், அந்த ஓராண்டுக் காத்திருப்பும் அரசியலமைப்புக்கு விரோதம் என்று அறிவித்தது. தமிழ்நாட்டில் இரண்டு ஆண்டு நிறையாமல் சம்மத மனு போடுபவர்கள் இந்தத் தீர்ப்புகளை மனுவிலேயே எடுத்துக்காட்ட வேண்டும்.

நம் கணவர் சம்மதிக்கவில்லை. எதிருரை தாக்கல் செய்கிறார்: வீட்டைவிட்டுப் போனவள் இவள்தான், கிறிஸ்துமஸுக்கு நான் போனது சமாதானம் செய்யத்தான். இதனிடையே ஆசிரியை 36ஆம் பிரிவின்படி இடைக்கால ஜீவனாம்சம் கேட்கிறார். பழைய சட்டத்தில் கணவர் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தரக் கூடாது என்ற உச்சவரம்பு இருந்தது, 2001இல் அது நீங்கியது. நோட்டீஸ் சேர்ந்த அறுபது நாட்களுக்குள் முடிவு செய்ய முயல வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இதை இழுக்கும் ஆயுதம் ஒன்று இருந்தது: எனக்கு வருமானமே இல்லை என்று ஒரு வரியில் சொல்லிவிடுவது. 2020இல் ரஜ்னேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு முடிவு கட்டியது. இருவரும் தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஆசிரியையும் தன் சம்பளத்தை மறைக்காமல் எழுத வேண்டும். அவர் வேலை பார்ப்பதால் மட்டும் உரிமை போய்விடாது, தொகை குறையலாம், மகளுக்கான பங்கு தனியாக இருக்கும்.

பெண்கள் வழக்கறிஞர் கட்டணத்துக்கு அஞ்சித் தள்ளிப்போட வேண்டியதில்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வருமான வரம்பு பாராமல் எந்தப் பெண்ணுக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு. குடும்ப நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வைத்துக்கொள்வது உரிமையாகத் தரப்படவில்லை, நீதிமன்றத்தின் அனுமதியோடுதான். ஆனால் இன்று அந்த அனுமதி வழக்கமாகக் கிடைக்கிறது.

விசாரணை தொடங்குகிறது. மனுதாரரின் முதல் வாக்குமூலம் எழுத்தில் பிரமாணப் பத்திரமாகப் போகும், ஆவணங்கள் ஒவ்வொன்றாகச் சான்றாவணமாகக் குறியிடப்படும். பிறகு குறுக்கு விசாரணை. "கிறிஸ்துமஸ் அன்று நால்வரும் சேர்ந்து ஆலயத்துக்குப் போனீர்களா?" "போனோம்." "புகைப்படம் எடுத்துக்கொண்டீர்களா?" "மகள் கேட்டாள், எடுத்தோம்." இப்படி நேராகச் சொல்லும் பதில் எவ்வளவு உதவும் என்பது தீர்ப்பு வரும்போதுதான் தெரியும். நீதிபதி பார்ப்பது அவர் மகளுக்காகச் செய்ததையும் மணவாழ்வைத் தொடர்ந்ததையும் பிரித்துச் சொல்ல முடிகிறதா என்பதைத்தான். அக்கா வந்து அந்த இரவின் போன் பேச்சைச் சொல்கிறார். கணவரும் சாட்சி சொல்கிறார். 2021 ஜூனுக்குப் பின் பணம் அனுப்பினீர்களா என்ற கேள்விக்கு வங்கிக் கணக்கைக் காட்ட முடியவில்லை. குடும்ப வழக்குகளை மூடிய அறையில் விசாரிக்கவும் கேட்கலாம், ஒரு தரப்பு விரும்பினாலே நீதிமன்றம் அப்படிச் செய்ய வேண்டும்.

எதிர்த்தரப்பு தூண்டிப் பேச வைத்த கோபத்தில் மிகைப்படுத்திவிடுவதுதான் கூண்டில் நான் அதிகம் பார்த்த பிழை. "தினமும் அடித்தார்" என்று சொல்லிவிட்டால், அடிக்காத ஒரு பிறந்தநாள் படத்தைக் காட்டி அந்த வார்த்தையைக் குலைத்துவிடுவார்கள். மூன்று முறை அடித்தார் என்பது உண்மையென்றால் மூன்று முறை என்றே சொல்வது பலமானது.

இந்த எடுத்துக்காட்டில் நீதிபதி கொடுமை என்ற காரணத்தின்மேல் விவாகரத்துக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். கைவிடல் பற்றிய கேள்வி, நான்கு நாட்கள் இருந்ததால், திறந்தே விடப்படலாம், ஒரு காரணம் நிரூபணமானாலே போதும். மகள் தாயிடம் இருப்பது, தந்தை வந்து பார்க்கும் நாட்கள், 37ஆம் பிரிவின்படி நிரந்தர ஜீவனாம்சம் ஆகியவையும் அதே தீர்ப்பில் அல்லது தொடர்ந்த ஆணைகளில் வரும். கணவருக்குக் குடும்ப நீதிமன்றச் சட்டப்படி முப்பது நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யும் உரிமை உண்டு. மதுரைத் தீர்ப்பென்றால் மதுரைக் கிளையில்.

அதனால்தான் தீர்ப்பு வந்த அன்றே மறுமணத் தேதி குறிக்கக் கூடாது. 57ஆம் பிரிவின்படி, மேல்முறையீட்டுக் காலம் மேல்முறையீடு இல்லாமல் கழிந்த பின்னரோ, மேல்முறையீடு தள்ளுபடியான பின்னரோதான் மறுமணம் செய்துகொள்ளலாம். ஆசிரியை செய்ய வேண்டிய முதல் வேலை, தீர்ப்பும் தீர்ப்பாணையும் சான்றிட்ட நகலாக இரண்டு மூன்று படிகள் கேட்டு மனு போடுவது. அடுத்து, காலம் முடிந்ததும் மேல்முறையீடு எதுவும் தாக்கலாகவில்லை என்பதை வழக்கறிஞர் வழியாக உயர் நீதிமன்றத்தில் சரிபார்ப்பது. ஒரு படி வேலை பார்க்கும் பள்ளியின் பணிப்பதிவேட்டுக்கு, ஒரு படி மகளின் பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கு. இன்னொன்றை, ஆயர் இல்லத்துக் கடிதம் இருந்த அதே பிளாஸ்டிக் உறையில், அந்தக் கடிதத்துக்கு மேலே வைத்துக்கொள்ளலாம்.